அலை, அளை, அழை... அத்தையின் பிபிடியை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கதை!

என் அத்தை அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. ஆறாம் வகுப்புக்கு மயங்கொலிச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ல, ள, ழ வித்தியாசம், பனிக்கும் பணிக்கும் உள்ள தூரம், கரை எப்போது கறை ஆகிறது என்பதையெல்லாம் விளையாட்டாகவே பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவிடுவார். அதைப் பார்த்துத்தான், ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் இருபது நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து 14 ஸ்லைடு போட்டு, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த லேப்டாப்பில் ஃபைலைத் திறந்ததும் பெரிய திரையில் வந்தது இதுதான்: `miy - mis - mio`.

அது 'அலை - அளை - அழை' என்று வந்திருக்க வேண்டிய ஸ்லைடு. (மூன்றிலும் கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது பாருங்கள். மயங்கொலி அங்கேயும் வேலை செய்திருக்கிறது!) தலைப்பில் இருந்த 'தமிழ்', `jkpo;` ஆகியிருந்தது. எழுத்து உடையாமல் வந்த ஸ்லைடுகளிலும் வரிகள் கட்டத்துக்கு வெளியே வழிந்து, 'கரை' ஓர் இடத்திலும் 'கறை' இன்னோர் இடத்திலும் கிடந்தன. எழுத்தே பாடம் என்கிற வகுப்பில் எழுத்து உடைந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அத்தை திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, சாக்பீஸ் எடுத்து இருபது நிமிடத்தையும் ஓட்டிவிட்டார். ஆனால், மனசுக்குள் அது முள்ளாகத் தைத்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, வேறொரு ஒன்றியத்தில் அதே பாடத்துக்கு மறுபடியும் அழைப்பு. சனிக்கிழமை கூட்டம், வியாழக்கிழமை இரவு எனக்கு போன்.

"கண்ணா, நீ கம்ப்யூட்டர் பக்கமே எழுதறவன்தானே... பிடிஎஃபா மாத்திட்டா உடையாதுன்னு சொன்னாங்க. போன்ல ஒரு ஆப் போட்டு மாத்திட்டேன். அப்பவும் அதே கண்றாவிதான் வருது. பிடிஎஃப்பும் பொய்யா?"

பிடிஎஃப் பொய் இல்லை. எந்த இடத்தில் வைத்து பிடிஎஃப் ஆக்கினோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கல்யாண நாள் ஸ்லைடு ஷோவில் ஆரம்பித்து சுய உதவிக் குழுவின் வரவு செலவுக் கணக்கு வரை தமிழில் பிபிடி போடுகிற எல்லோருக்கும் இது நடக்கிறது. அதனால் அத்தையின் ஃபைலையே வைத்து இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

ஃபைலுக்குள் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது

நாம் 'அலை' என்று டைப் செய்யும்போது பிபிடி ஃபைலுக்குள் அந்தச் சொல்லின் வடிவம் போவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணும், 'இதை இந்த ஃபான்ட்டில் காட்டு' என்று ஃபான்ட்டின் பெயரும் மட்டும்தான் போகின்றன. இன்னொரு கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறக்கும்போது அது அந்தப் பெயரைத் தன்னிடம் தேடுகிறது. இருந்தால் சரி. இல்லையென்றால் கையில் இருக்கிற வேறு ஃபான்ட்டை எடுத்து ஒப்பேற்றுகிறது. இதில் நமக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

பிடிஎஃப் வேறு மாதிரி. சரியாக உருவாக்கிய பிடிஎஃப்பில், பக்கத்தில் வருகிற எழுத்துகளின் வடிவங்களும் ஃபைலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். இதைத்தான் 'ஃபான்ட் எம்பெட்' செய்வது என்கிறார்கள். எந்த வடிவம், பக்கத்தில் எந்த இடத்தில் என்பதும் அப்போதே முடிவாகிவிடும். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். 'கொ' என்பதைக் கம்ப்யூட்டர் 'க', அதன் பிறகு 'ஒ'கரக் குறி என்றுதான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. பிடிஎஃப்பில் இந்தப் பிளப்பு வேலை ஏற்றுமதி செய்யும்போதே முடிந்துவிடுவதால், திறக்கிற கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாவிட்டாலும் கவலை இல்லை.

இங்கேதான் அத்தையின் போன் ஆப் காலை வாரியது. பிடிஎஃப் ஆவதற்கு முன்னால் அந்த ஆப் பிபிடியைத் திறக்க வேண்டும் இல்லையா? போனில் அத்தையின் ஃபான்ட் இல்லை. அதனால் `miy - mis - mio` என்றுதான் அது திறந்தது. பிறகு அந்த ஆங்கில எழுத்துகளை அச்சுப்பிசகாமல் எம்பெட் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டது. தப்பையே பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரி! ஃபைலை ஏற்றினால் மாற்றித் தரும் இணையதளங்களிலும் இதே கதைதான், அவர்கள் சர்வரில் உங்கள் ஃபான்ட் இருக்க வாய்ப்பு குறைவு.

ஆகவே, எந்த கம்ப்யூட்டரில் ஸ்லைடு ஒழுங்காகத் தெரிகிறதோ அங்கேயே உட்கார்ந்து பிடிஎஃப் எடுக்க வேண்டும்.

"அப்ப வீட்டு கம்ப்யூட்டர்லயே எடுத்திருந்தா போதுமா?" என்றார் அத்தை. பெரும்பாலும் போதும். ஆனால், நான் ஃபைலைத் திறந்து பார்க்காமல் அப்படிச் சொல்லத் துணியவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. முதல் கூட்டத்துக்கு முன்னால் அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தார். நானும் ஆபீஸ் அவசரத்தில் "File > Options > Save போய் `Embed fonts in the file` டிக் பண்ணிடுங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன். அந்த டிக், பிபிடி ஃபைலுக்குள் ஃபான்ட்டை வைப்பதற்கானது, பிடிஎஃப்புக்கு அதனோடு சம்பந்தம் இல்லை. அனுமதி இல்லாத ஃபான்ட்டை அது உள்ளே வைக்காது. உள்ளே வைத்ததையும் பவர்பாயின்ட் அல்லாத பல ஆப்கள் கண்டுகொள்ளாது. அத்தை அதை டிக் செய்தாரா, செய்தபின் சேவ் செய்தாரா என்பதையும் நான் கேட்கவில்லை. முதல் சொதப்பலில் என் பங்கும் உண்டு.

14 ஸ்லைடில் மூன்று வியாதி

வியாழன் இரவே ஃபைலை வாங்கிப் பார்த்தேன். பவர்பாயின்ட்டில் ஒரு ஃபைலில் என்னென்ன ஃபான்ட் இருக்கிறது என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. Home பட்டையில் வலது ஓரம் Replace பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டி `Replace Fonts` போனால், மேலே இருக்கும் பெட்டியில் அந்த ஃபைலின் ஃபான்ட்கள் வரிசையாக வரும். அத்தையின் ஃபைலில் தமிழுக்கென்று மூன்று ஃபான்ட்கள் இருந்தன. மூன்றும் மூன்று விதமாக உடையக்கூடியவை.

முதலாவது, பாமினி. அத்தை பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கும் வினாத்தாள்கள் டிடிபி சென்டரில் பாமினியில் அடித்தவை. அதிலிருந்து ஐந்து ஸ்லைடுக்குக் காப்பி செய்திருந்தார். பாமினி யூனிகோடுக்கு முந்தைய முறையைச் சேர்ந்தது. அதில் ஆங்கில எழுத்துகளின் நாற்காலியில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருப்பார்கள். `y` இருக்கிற இடத்தில் 'ல', `s` இடத்தில் 'ள', `o` இடத்தில் 'ழ'. ஃபைலைப் பொறுத்தவரை அதில் இருப்பது ஆங்கிலம்தான், பாமினி என்கிற கண்ணாடி போட்டுப் பார்த்தால் தமிழ். கண்ணாடி இல்லாத கம்ப்யூட்டரில் `jkpo;` என்று தெரிவதற்கு இதுதான் காரணம். திரையில் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வந்தால், உங்கள் ஃபைலிலும் இப்படி ஒரு பழைய ஃபான்ட் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அது வேறு நோய்: எழுத்து யூனிகோடுதான், திறந்த கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட்தான் இல்லை.

இரண்டாவது, லதா. மிச்ச ஸ்லைடுகளை அத்தை யூனிகோடிலேயே அடித்திருந்தார். ஆனால், அவர் லதாவைத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று சாதித்தார். "நான் எல்லாத்துக்கும் Calibri தானே வச்சிருக்கேன்!" இரண்டுமே உண்மை. Calibri-யில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழ் வந்தால் என்ன செய்வது என்று பவர்பாயின்ட்டின் தீமுக்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும். வழக்கமான ஆபீஸ் தீமில் தமிழுக்கு எழுதி வைத்திருப்பது Latha. மேலே பெட்டியில் Calibri என்று காட்டினாலும் கீழே வேலை செய்வது லதாதான்.

லதா, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்துகொண்டிருந்த ஃபான்ட். விண்டோஸ் 10 முதல் அதைத் தனியாக எடுத்து `Tamil Supplemental Fonts` என்கிற விருப்பப் பொதியில் போட்டுவிட்டார்கள். வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளலாம், எல்லாக் கம்ப்யூட்டரிலும் தானாக இருக்காது. அது இல்லாத இடத்தில் விண்டோஸ் பெரும்பாலும் Nirmala UI-யை எடுத்துக்கொள்ளும். எழுத்து உடையாது, படிக்கவும் முடியும். ஆனால், இரண்டு ஃபான்ட்டின் அகலமும் ஒன்றல்ல. ஒரு வரியில் அடங்கியது ஒன்றரை வரியாகும். அத்தையின் அட்டவணையில் 'கரை'க்கு எதிரே இருந்த 'கறை' அடுத்த வரிக்கு இறங்கியது இப்படித்தான்.

மூன்றாவது, முதல் ஸ்லைடின் தலைப்புக்கு மட்டும் போட்டிருந்த ஓர் அலங்கார ஃபான்ட். 'இலவசம்' என்று எங்கேயோ பார்த்து இறக்கியது. ஒவ்வொரு ஃபான்ட் ஃபைலுக்குள்ளும், அதை இன்னொரு ஃபைலில் எம்பெட் செய்யலாமா என்று உருவாக்கியவர் வைத்த ஒரு குறி இருக்கும். விண்டோஸில் ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து Properties > Details போனால் `Font embeddability` என்ற வரியில் அது தெரியும். Installable, Editable, Print and preview என்று இருந்தால் பிடிஎஃப்புக்கு உள்ளே போகும். அத்தையின் தலைப்பு ஃபான்ட்டில் இருந்தது `Restricted`. போகாது.

வெள்ளிக்கிழமை மாலை நடந்தது

அவசரம் என்றால் பாமினியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டு கம்ப்யூட்டரில் பிடிஎஃப் எடுத்திருக்கலாம். கண்ணுக்குச் சரியாகவே தெரிந்திருக்கும். ஆனால், அந்த பிடிஎஃப்பில் 'தமிழ்' என்று தேடினால் கிடைக்காது, `jkpo;` என்று தேடினால்தான் கிடைக்கும். அத்தைக்கு இந்த ஃபைல் இன்னும் நாலு வருடம் வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலை நானே போய் உட்கார்ந்து மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஐந்து ஸ்லைடின் எழுத்தையும் ஒவ்வொரு பெட்டியாகக் காப்பி செய்து, NHM Converter என்கிற இலவச மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, திரும்ப ஒட்டினோம். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரே பெட்டியில் ஆங்கிலமும் கலந்திருந்தால் அதையும் பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். ஒரு ஸ்லைடில் வகுப்பைக் குறிக்கிற `Std` என்ற சொல் அர்த்தமில்லாத தமிழாகிவிட்டது, கையால் திருத்தினோம். நிறுத்தக்குறிகளும் தடுமாறும். பாமினியில் கமா இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பது 'இ'. அதனால் முழுவதையும் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது நல்லது. அத்தை வாசித்தார், நான் திருத்தினேன். நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒரு சுக்குக் காபி.

அடுத்து ஃபான்ட். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து உடம்புக்கு Noto Sans Tamil, தலைப்புக்கு Baloo Thambi 2 இறக்கினோம். இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பவை, எம்பெட் செய்யத் தடை இல்லை. இறங்கிய ஜிப்பைத் திறந்தால் வெளியே ஒரு ஃபைலும், `static` என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். வெளியே இருப்பது எல்லாத் தடிமனையும் ஒரே ஃபைலில் அடக்கிய 'வேரியபிள்' வகை. பவர்பாயின்ட்டுக்கும் அதற்கும் ஒத்துப்போவதில்லை. போல்டு போட்டால் பிடிஎஃப்பில் வேறு மாதிரி வரும். `static` ஃபோல்டருக்குள் இருக்கும் Regular, Bold இரண்டை மட்டும் இன்ஸ்டால் செய்துவிட்டு, பவர்பாயின்ட்டை மூடித் திறந்தோம்.

பிறகு அதே `Replace Fonts` போய், Latha இருந்த இடத்தில் Noto Sans Tamil கொடுத்தோம். பாமினிப் பெட்டிகளுக்கும் இதை மறக்காமல் செய்ய வேண்டும். எழுத்து யூனிகோடாக மாறினாலும் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது Bamini என்கிற பெயர்தானே! அந்த அலங்காரத் தலைப்பு Baloo Thambi 2 ஆனது. அத்தைக்குப் பழைய ஃபான்ட்டின் வளைவுகள் போனதில் கொஞ்சம் வருத்தம். வரிகள் வழிந்த இடங்களில் எழுத்தளவை ஒன்றிரண்டு குறைத்தோம்.

இன்னொரு சிக்கல் எனக்குத் தோன்றவே இல்லை, அத்தைதான் பிடித்தார். நான்கு ஸ்லைடுகளில் கேள்வி முதலில் வரும், கிளிக் செய்தால் விடை வரும். பிடிஎஃப்பில் அனிமேஷன் கிடையாது. கேள்வியும் விடையும் ஒன்றாகவே வந்து நிற்கும். 'பனியா, பணியா?' என்று கேட்கும்போதே பக்கத்தில் விடை இருந்தால் விளையாட்டு ஏது? அந்த நான்கையும் இரட்டிப்பாக்கி, முதல் பிரதியில் விடையை அழித்தோம். 14 ஸ்லைடு 18 பக்கம் ஆனது. அடுத்த பக்கம் தட்டினால் விடை வரும்.

கடைசியாக ஏற்றுமதி. File > Export > Create PDF/XPS Document. வருகிற ஜன்னலில் `Standard` என்பதையே வைத்துக்கொண்டு, கீழே Options தட்டினோம். அதில் இரண்டு டிக் நமக்கு முக்கியம். `PDF/A compliant` என்பது ஆவணக் காப்பகங்களுக்கான பிடிஎஃப் வகை. எல்லா ஃபான்ட்டும் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி, அதனால் அதை டிக் செய்தோம். இன்னொன்று `Bitmap text when fonts may not be embedded`. எம்பெட் செய்ய முடியாத ஃபான்ட் வந்தால் அந்த எழுத்தைப் படமாக்கிவிடு என்று அர்த்தம். இது வழக்கமாக டிக் ஆகியே இருக்கும், அப்படியே விடலாம். ஆனால், படமான எழுத்து பெரிதாக்கினால் மங்கும், தேடினாலும் கிடைக்காது. தலைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் அதற்கு அந்தக் கதிதான்.

பவர்பாயின்ட் இல்லாதவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸில் File > Export As > Export as PDF கொடுத்தால் ஃபான்ட்டைத் தானாகவே எம்பெட் செய்துவிடும். கூகுள் ஸ்லைட்ஸில் File > Download > PDF Document. கூகுள் ஸ்லைட்ஸில் மட்டும் ஒன்று: வெளியே செய்த பிபிடியை ஏற்றினால் அவர்களிடம் இல்லாத ஃபான்ட் மாறிவிடும் என்பதால், அங்கேயே `More fonts` போய் ஒரு தமிழ் ஃபான்ட்டைப் போட்டுவிட்டு, வரிகளைப் பார்த்துவிட்டுப் பிறகு டவுன்லோடு செய்யுங்கள்.

உள்ளே இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பிடிஎஃப் எடுத்த கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்து "சூப்பரா வருதே" என்று திருப்திப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. அங்கே ஃபான்ட் இருக்கிறது, எப்படியும் வரும். அக்ரோபேட் ரீடரில் ஃபைலைத் திறந்து Ctrl + D அழுத்துங்கள். அதில் `Fonts` என்ற தாவலில் ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்கும் பக்கத்தில் `Embedded Subset` என்று இருக்க வேண்டும். Subset என்றால் நீங்கள் பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் எடுத்து உள்ளே வைத்திருக்கிறது என்று பொருள். அதுவே போதும், ஃபைலும் கனக்காது. அந்தச் சொல் இல்லாமல் வெறும் பெயரும் கீழே `Actual Font` என்று வேறொரு பெயரும் வந்தால், அந்த ஃபான்ட் உள்ளே இல்லை, ரீடர் வேறொன்றை வைத்துச் சமாளிக்கிறது என்று அர்த்தம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் poppler-utils பொதியில் வரும் ஒரு கட்டளையிலேயே பார்த்துவிடலாம். `emb` என்ற பத்தியில் எல்லா வரிக்கும் `yes` வர வேண்டும்:

```
pdffonts mayangoli.pdf
```

இதெல்லாம் வேண்டாம் என்றால் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஃபைல் மாறாது. ஆனால், இதில் ஒரு நுணுக்கம். ஆண்ட்ராய்டு போன்களில் Noto வகைத் தமிழ் ஃபான்ட் இருப்பது சகஜம். அதனால் உடம்பு எழுத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. தலைப்பைப் பாருங்கள். Baloo Thambi 2 குண்டு குண்டாக, உருண்டையாக இருக்கும், பார்த்ததும் தெரியும். அது போனிலும் அதே குண்டாக வந்தால் ஃபான்ட் உள்ளே இருக்கிறது. அத்தையின் போனில் வந்தது. மாமாவின் பழைய போனிலும் வந்தது. "குண்டு எழுத்து இதுக்காவது உதவுச்சே" என்றார் அத்தை.

சனிக்கிழமை அந்த ஊர் லேப்டாப்பில் பவர்பாயின்ட்டே இல்லையாம். பிடிஎஃப்பைத் திறந்து Ctrl + L அழுத்தினால் திரை முழுக்க வரும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பெரிய திரையில் 'அலை - அளை - அழை', ஓரத்தில் அத்தையின் பாதி முகம்.

மாலையில் மறுபடி போன். "எல்லாம் நல்லா வந்துச்சு கண்ணா. ஆனா, ரெண்டு டீச்சருங்க அதுல இருந்து பயிற்சித்தாளுக்கு எழுத்தைக் காப்பி பண்ணிப் பார்த்தாங்க. 'கொக்கு' வேற மாதிரி வருதாம்."

ஆமாம், அது வரும். பிடிஎஃப்பில் எழுத்து வடிவங்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருப்பதால், காப்பி செய்யும்போது கொம்பு முன்னால் ஓடி 'ெகாக்கு' என்று ஆகிவிடுவது உண்டு. ரீடரைப் பொறுத்து இது மாறும். பார்ப்பதற்கும் அச்சடிப்பதற்கும் இதனால் குறை இல்லை. எழுத்தை எடுத்துத் திருத்த வேண்டியவர்களுக்கு பிடிஎஃப் சரிப்படாது, யூனிகோடில் இருக்கிற மூல ஃபைலையே கொடுக்க வேண்டும். அத்தை இப்போது அந்த இரண்டு டீச்சர்களுக்கும் வேர்டு ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். கூடவே Noto Sans Tamil இருக்கும் அந்த `static` ஃபோல்டரையும்.